போனில் படிக்கும் சுருக்கம்: பத்தியை எங்கே முடிப்பது, வரியை எங்கே விடுவது

மொரீசியஸில் எங்கள் கோயில் காவடிக் குழுவின் கூட்டம் முடிந்ததும் அதன் சுருக்கம் அன்றிரவே வாட்ஸ்அப்பில் போக வேண்டும். சில வருடங்களாக அதை எழுதுவது என் வேலை. இப்போது இளைஞர்களுக்குப் பழக்கிவிடுகிறேன். அவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: விஷயம் சரியாக இருக்கிறது, தமிழும் சரியாக இருக்கிறது, ஆனால் போனில் பார்த்தால் ஒரே சுவர் போல நிற்கிறது. யாரும் கடைசிவரை படிப்பதில்லை.

இந்தத் தீவில் தமிழ் வாசிப்பவர்களில் பலர் பள்ளியில் பாடமாகப் படித்தவர்கள். வீட்டில் பேசுவது கிரியோல். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார்கள். பெரியவர்களோ போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ஒருநாள் மண்டபத்தில் ஒரு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் அனுப்பியதை அவர் படிப்பதைப் பார்த்தேன். அவர் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வந்தது. என் கணினியில் நான்கு வரியாக இருந்த பத்தி அவருக்குத் திரை முழுவதையும் நிறைத்தது. விரலை வைத்துக்கொண்டே படித்தவர், விரல் நழுவியதும் எங்கே விட்டோம் என்று தேடினார். அது கிடைக்கவில்லை, போனை மடியில் வைத்துவிட்டார். கீழே சொல்வதெல்லாம் அந்த விரல் நழுவாமல் இருப்பதற்கான வழிதான்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கூட்டக் குறிப்பு முழுதாக வேண்டும். பாதிக் குறிப்பை வைத்துக்கொண்டு பத்தி பிரிக்க உட்காராதீர்கள். பிறகு வரும் ஒரு செய்தி எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

அடுத்து, போனில் Enter சரியாக வேலை செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் அமைப்புகளில் `Chats` பகுதிக்குள் `Enter is send` என்று ஒன்று இருக்கும். அது இயக்கத்தில் இருந்தால் Enter தட்டிய உடனே செய்தி பறந்துவிடும், வரி விட முடியாது. அதை அணைத்துவிடுங்கள். கணினியில் வாட்ஸ்அப் திறந்து எழுதுபவர்களுக்கு நேர்மாறு: அங்கே Enter என்றால் அனுப்பு, வரி விட `Shift + Enter`. புதிதாக எழுத வருபவர்கள் அரைகுறையாக மூன்று துண்டு அனுப்பிவிட்டு மன்னிப்புக் கேட்பது இதனால்தான்.

அப்புறம், உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி. வாட்ஸ்அப்பில் புதிய உரையாடல் திறந்து உங்கள் பெயரையே தேர்ந்தெடுத்தால் போதும். சோதனையெல்லாம் அங்கேதான் நடக்கும்.

## 1. முதலில் எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்

பத்தி பிரிப்பது இரண்டாவது வேலை. முதலில் சுருக்கத்தின் உள்ளடக்கம் முடிந்திருக்க வேண்டும். ஏனென்றால் தேவையில்லாத பத்து வரியை அழகாகப் பிரித்துப் போட்டாலும் அது தேவையில்லாத பத்து வரிதான். இன்னும் சொல்லப்போனால், பிரித்துப் போட்டால் அது கூடுதல் இடம் பிடிக்கும்.

நான் கேட்கும் கேள்வி ஒன்று: இதைப் படிப்பவர் எழுந்து போய் ஏதாவது செய்ய வேண்டுமா, அல்லது எதையாவது மாற்றிக்கொள்ள வேண்டுமா? ஆம் என்றால் இருக்கட்டும். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை மணி நேரம் பேசினோம் என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருந்தால் போதும்.

இன்னொன்று, கூட்டத்தில் பேசிய வரிசையிலேயே சுருக்கத்தை எழுத வேண்டியதில்லை. கூட்டத்தில் பந்தல், சாப்பாடு, ஊர்வலம் என்று தலைப்பு வாரியாகப் பேசுகிறோம். படிப்பவர் கேட்பதோ "நான் எப்போது எங்கே இருக்க வேண்டும்" என்று. அதனால் நாள் வரிசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்தை இப்போதே செய்துவிடுங்கள். பத்தி பிரித்த பிறகு மாற்றினால் "அது", "அங்கே" போன்ற சொற்களெல்லாம் தவறான ஆளைக் கைகாட்டும்.

## 2. முதல் வரியைத் தனியாக எழுதுங்கள்

போன் பூட்டியிருக்கும்போது வரும் அறிவிப்பிலும், உரையாடல் பட்டியலிலும் செய்தியின் தலைப்பகுதி மட்டும்தான் தெரியும். வேலையில் இருப்பவர், பேருந்தில் நிற்பவர் எல்லாம் அதை மட்டும் பார்த்துவிட்டு, திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

"அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம், நேற்று மாலை நடைபெற்ற நமது குழுவின்" என்று தொடங்கினால் அந்த இடம் முழுவதும் வணக்கத்திலேயே முடிந்துவிடும். வணக்கம் சொல்லத்தான் வேண்டும் என்பவர்கள் கடைசியில் சொல்லலாம். முதல் வரி இப்படி இருக்கட்டும்:

```
காவடி: சனி 7 மணி பந்தல், ஞாயிறு 7.30 ஆற்றங்கரை
```

செய்தியைத் திறக்காதவருக்குக்கூட முக்கியமான இரண்டு நேரமும் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த வரிக்குக் கீழே ஒரு வெற்று வரி விடுங்கள். அப்போதுதான் அது தலைப்பாகக் கண்ணில் படும்.

## 3. நீண்ட வாக்கியத்தை உடையுங்கள், பிறகுதான் பத்தி

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பத்தி சின்னதாக வேண்டும் என்று சொன்னால், நீண்ட வாக்கியத்தின் நடுவிலேயே Enter தட்டுகிறார்கள். வாக்கியம் நீளமாக இருக்கும்வரை பத்தியைச் சுருக்க முடியாது.

தமிழில் வாக்கியம் நீளுவதற்கு ஒரு காரணம் உண்டு. வினைமுற்று கடைசியில் வருகிறது. நடுவில் "கொண்டுவந்து", "வாங்கி", "வைத்துவிட்டு" என்று வினையெச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம், இலக்கணம் இடம் கொடுக்கும். அச்சுப் பக்கத்தில் கண் மேலும் கீழும் போய்ச் சமாளித்துக்கொள்ளும். போனில், வாக்கியத்தின் தொடக்கம் ஐந்தாறு வரிக்கு மேலே போயிருக்கும். முற்று வரும்போது யார் செய்ய வேண்டும் என்பது மறந்திருக்கும்.

ஒரு இளைஞர் எழுதிக் கொண்டுவந்த வாக்கியம் இது:

```
பந்தல் வேலைக்கு வருபவர்கள் கையுறை கொண்டுவந்து, மண்டபச் சாவியைப் பூசாரி ஐயாவிடம் வாங்கி, மூங்கிலை வெளியே எடுத்து வைத்துவிட்டு, 8 மணிக்குக் கட்டத் தொடங்க வேண்டும்.
```

ஒவ்வொரு எச்சத்தையும் பாருங்கள். ஒவ்வொன்றும் தனி வேலை. எனவே ஒவ்வொன்றையும் முற்றாக்கலாம்:

```
பந்தல் வேலைக்கு வருபவர்கள் கையுறை கொண்டுவாருங்கள்.
சாவி பூசாரி ஐயாவிடம் இருக்கிறது.
முதலில் மூங்கிலை வெளியே எடுத்து வையுங்கள். 8 மணிக்குக் கட்டத் தொடங்குவோம்.
```

சொற்கள் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் எந்த இடத்தில் கண்ணை எடுத்தாலும் முழு வாக்கியம் ஒன்று கையில் இருக்கும்.

கூட்டக் குறிப்பு நடையில் இன்னொரு சங்கிலி வரும்: "தொடங்குவதென்றும், சேர்ப்பதென்றும், புறப்படுமென்றும் முடிவு செய்யப்பட்டது." ஒவ்வொரு "என்றும்" இடத்திலும் வெட்டுங்கள். "முடிவு செய்யப்பட்டது" என்பதை அடியோடு எடுத்துவிடலாம். இது முடிவுகளின் சுருக்கம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெட்டக் கூடாத எச்சமும் உண்டு. "பேருந்தில் ஏறி வாருங்கள்" என்பதில் ஏறுவது தனி வேலை அல்ல, வருகிற விதம். அதை வெட்டினால் குழந்தைக்குச் சொல்வது போல ஆகிவிடும். இரண்டு செயலையும் இரண்டு வேறு ஆட்கள் செய்ய முடியுமா, அல்லது இரண்டு வேறு நேரத்தில் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் வெட்டலாம்.

## 4. பத்தி எங்கே முடிய வேண்டும்

இப்போது கையில் சின்னச் சின்ன வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றை எப்படிச் சேர்ப்பது?

நான் வைத்திருக்கும் அளவு: சாதாரண எழுத்தளவில் போனில் நான்கைந்து வரிக்கு மேல் ஒரு பத்தி போகக் கூடாது. தமிழில் அது ஏறக்குறைய 15 முதல் 20 சொல். நம் சொற்கள் உருபும் ஒட்டும் சேர்ந்து நீண்டுவிடுவதால் ஒரு வரிக்கு நான்கு சொல் வருவதே அதிகம். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிப் பழகியவர்கள் அந்தக் கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் பத்தி இரண்டு மடங்காகத் தெரியும்.

ஆனால் எண்ணிக்கையை விட முக்கியமானது, பத்திக்குள் என்ன சேர்ந்திருக்க வேண்டும் என்பது. ஒரு பத்தி ஒரு கேள்விக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சனிக்கிழமை என்ன?" ஒரு பத்தி. "சாப்பாட்டுக்கு என்ன?" ஒரு பத்தி. கேள்வி மாறினால் பத்தி மாறும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, நிபந்தனையை விஷயத்திலிருந்து பிரித்துவிடுவது. இதை நானே செய்திருக்கிறேன். காவடி வருவது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். இங்கே அது புயல் காலம். புயல் எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு நிலை வரை போகும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம், இரண்டாம் நிலை வந்தால் பந்தல் வேலை கிடையாது என்று முடிவெடுத்தோம். நான் சுருக்கத்தில் "சனி காலை 7 மணிக்குப் பந்தல் வேலை" என்பதை ஒரு பத்தியாகப் போட்டு, ஊர்வலம், சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் "வானிலை" என்று தனிப் பத்தியில் அந்த நிபந்தனையை எழுதினேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டாம் நிலை வந்தது. ஐந்து பேர் அந்தக் காற்றிலும் மழையிலும் மண்டப வாசலில் வந்து நின்றார்கள். முதல் பத்தியைப் படித்தார்கள், தங்கள் வேலை தெரிந்துவிட்டது, அதற்குக் கீழே போகவில்லை. அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

அன்றிலிருந்து விதி இது: "வந்தால்", "இல்லையென்றால்", "தவிர", "மட்டும்" என்று வருகிற வாக்கியம் தான் எதைக் கட்டுப்படுத்துகிறதோ அதே பத்தியில் இருக்க வேண்டும். பத்தி ஆறு வரியானாலும் பரவாயில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சின்னப் பத்தி நல்லது என்று கேட்டவுடன் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் வெற்று வரி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது எல்லாம் ஒரே தூரத்தில் நிற்கும், எது எதோடு சேர்ந்தது என்று தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி: ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும் பாருங்கள். "அது", "அங்கே", "அப்போது", "ஆனால்", "அவர்கள்" என்று ஒரு பத்தி தொடங்கினால், அது மேலே உள்ள பத்தியோடு ஒட்டியிருக்க வேண்டியது. ஒட்டிவிடுங்கள். ஒட்ட முடியாத அளவு நீளமென்றால், சுட்டுப் பெயருக்குப் பதில் பெயரையே எழுதுங்கள்: "அவர்கள் 7.30க்கு வர வேண்டும்" என்பதை "காவடி எடுப்பவர்கள் 7.30க்கு வர வேண்டும்" என்று.

## 5. ஒரு Enter, இரண்டு Enter

அச்சில் புதிய பத்தி என்றால் முதல் வரி கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கும். வாட்ஸ்அப் செய்தியில் அப்படி எதுவும் கிடையாது. எனவே ஒரே ஒரு Enter தட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: மேல் வரி எங்கோ முடியும், அடுத்த வரி இடது ஓரத்தில் தொடங்கும். போன் தானாகவே வரியை மடிக்கும்போதும் இதேதான் நடக்கிறது. வலது ஓரம் எப்போதும் ஏற்ற இறக்கமாக இருப்பதால் படிப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்கள் பத்தி பிரித்திருக்கிறீர்கள், ஆனால் அது அவர் கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை.

அதனால் மூன்று அளவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

Enter இல்லாமல்: ஒரே கேள்விக்குப் பதிலாகத் தொடர்ந்து வரும் வாக்கியங்கள்.

ஒரு Enter: ஒரே பத்திக்குள் தனி உருப்படிகள். கொண்டுவர வேண்டிய பொருள்கள், இடங்களின் பெயர்கள் போன்றவை. இங்கே வரிகள் சின்னதாக, மடியாமல் இருந்தால்தான் ஒரு Enter பயன்படும். உருப்படியே இரண்டு மூன்று வரிக்கு மடிந்தால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் `-` குறியும் ஒரு இடைவெளியும் போடுங்கள். வாட்ஸ்அப் அதைப் புள்ளியிட்ட பட்டியலாகக் காட்டும்.

இரண்டு Enter, அதாவது நடுவில் ஒரு வெற்று வரி: பத்தி மாறுகிறது.

மூன்று Enter வேண்டாம். இரண்டு வெற்று வரி வந்தால் செய்தி முடிந்துவிட்டது என்று நினைத்துப் படிப்பவர் விலகிவிடுவார். கோடுகளும் நட்சத்திர வரிசையும் போட்டுப் பிரிப்பதும் இப்படித்தான். ஒரு போனில் அழகாக ஒரே வரியில் நிற்கும் கோடு, எழுத்தைப் பெரிதாக்கிய போனில் இரண்டு வரியாக மடிந்து கிடக்கும்.

வாக்கியத்தின் நடுவில் Enter எப்போதும் கூடாது. உங்கள் திரையில் வரி அழகாக முடிகிறதே என்று அங்கே தட்டினால், பெரியம்மாவின் போனில் மூன்று சொல்லுக்கு ஒரு மடிப்பு, பிறகு நீங்கள் போட்ட முறிவில் ஒற்றைச் சொல், மறுபடி மூன்று சொல் என்று பல் உடைந்த சீப்பு மாதிரி வரும். வரியை மடிப்பது போனின் வேலை. எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்பதுதான் நம் வேலை.

## 6. வேறு இடத்திலிருந்து ஒட்டும்போது

பலர் வேர்டில் எழுதிவிட்டு வாட்ஸ்அப்பில் ஒட்டுகிறார்கள். வேர்டில் பத்திகளுக்கு நடுவே தெரியும் இடைவெளி பெரும்பாலும் வெற்று வரி அல்ல. பத்திக்குப் பின் இவ்வளவு இடம் விடு என்ற அமைப்பு. ஒட்டும்போது அந்த அமைப்பு வராது, ஒரு Enter மட்டும் வரும். அங்கே அழகாக இருந்த பத்திகள் இங்கே ஒட்டிக்கொள்ளும். தீர்வு: வேர்டில் மாற்றும் பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தில் `^p`, மாற்றும் இடத்தில் `^p^p` போட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பிறகு நகலெடுங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் நேர்மாறான தொல்லை. பக்கத்தின் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு முறிவு கூடவே வந்துவிடும். மேலே சொன்ன சீப்பு வடிவத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். கையால் ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள், ஏதாவது ஒன்றை விட்டுவிடுவோம். வேர்டில் ஒட்டி, இந்த வரிசையில் மூன்று முறை மாற்றுங்கள்:

```
தேடு: ^p^p     மாற்று: ###
தேடு: ^p       மாற்று: ஒரு இடைவெளி
தேடு: ###      மாற்று: ^p^p
```

முதல் மாற்றம் உண்மையான பத்தி முடிவுகளைப் பத்திரப்படுத்துகிறது. இரண்டாவது, வேண்டாத முறிவுகளை அழிக்கிறது. மூன்றாவது, பத்திகளைத் திரும்பக் கொண்டுவருகிறது. வரிசை மாறினால் எல்லாம் ஒரே பத்தியாகிவிடும். மூலத்தில் பத்திகளுக்கு நடுவே வெற்று வரியே வரவில்லை என்றால் இந்த வழி உதவாது. அப்போது பத்தி முடிவுகளில் மட்டும் நீங்களே `###` தட்டிவிட்டு, இரண்டாவது மாற்றத்திலிருந்து தொடங்குங்கள்.

## 7. எண், பணம், நேரம்

வரி எங்கே மடியும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் எங்கே மடியக் கூடாது என்று போனுக்குச் சொல்லலாம். போன் இடைவெளி இருக்கும் இடத்தில்தான் மடிக்கும். "ரூ. 500" என்று இடைவெளி விட்டு எழுதினால், ரூ. ஒரு வரியிலும் 500 அடுத்த வரியிலும் விழலாம். "ரூ.500" என்று சேர்த்து எழுதுங்கள். "7.30க்கு", "12பேர்" என்பதில் முதலாவது இயல்பானது, இரண்டாவது கண்ணை உறுத்தும். எனவே நேரத்துக்கும் பணத்துக்கும் மட்டும் சேர்க்கிறேன்.

தொலைபேசி எண்ணுக்குத் தனி வரி கொடுங்கள். இங்கே கைப்பேசி எண் எட்டு இலக்கம். நடுவில் இடைவெளி விடாமல் எழுதினால் இரண்டு வரியாக உடையாது. தனி வரியில் இருப்பதால் விரலால் தொட்டு அழைப்பதும் எளிது.

## 8. தடித்த எழுத்து

சொல்லின் இருபுறமும் `*` போட்டால் தடிக்கும். நட்சத்திரத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் தடிக்காது, நட்சத்திரம் மட்டும் நிற்கும். உருபையும் உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள்: `*வியாழனுக்குள்*` என்று எழுதுங்கள், `*வியாழன்*உக்குள்` என்று ஆகிவிடக் கூடாது. இரண்டு வரியைத் தடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

நான் நாளையும் நேரத்தையும் மட்டும் தடிப்பேன், அதுவும் பத்தியின் தலையில். கண் வெற்று வரியைத் தாண்டியதும் விழும் இடம் அது.

## 9. ஒரு சுருக்கம், முன்னும் பின்னும்

முதல் வரைவு இப்படி வந்தது:

```
நேற்று மாலை மண்டபத்தில் கூடிய காவடிக் குழுக் கூட்டத்தில் பந்தல், அன்னதானம், ஊர்வலம் ஆகியவை பற்றிப் பேசப்பட்டு, பந்தல் வேலையைச் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்குவதென்றும் அதற்கு 12 பேர் வேண்டுமென்றும், ஏழு கறிக்கான காய்கறியை வெள்ளிக்கிழமை மாலைக்குள் சேர்ப்பதென்றும், வாழையிலை தருபவர்கள் வியாழக்கிழமைக்குள் எண்ணிக்கையைச் சொல்வதென்றும், ஊர்வலம் ஞாயிறு காலை 9 மணிக்கு ஆற்றங்கரையிலிருந்து புறப்படுமென்றும், அவர்கள் 7.30க்கே அங்கே இருக்க வேண்டுமென்றும், தார் சாலை சுடுவதால் மூன்று இடங்களில் தண்ணீர் ஊற்ற ஆள் நிறுத்துவதென்றும், புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலைக்குப் போனால் பந்தல் வேலையை நிறுத்துவதென்றும் முடிவு செய்யப்பட்டது.
```

ஒரே வாக்கியம். "அவர்கள்" யார் என்று வரைவில் எங்கேயும் இல்லை. புயல் நிபந்தனை பந்தலிலிருந்து வெகு தூரத்தில் கடைசியில் நிற்கிறது. இலைக் கெடு வியாழன், ஆனால் அது காய்கறிக்குப் பின்னால் வருகிறது.

மாற்றிய பிறகு:

```
காவடி: சனி 7 மணி பந்தல், ஞாயிறு 7.30 ஆற்றங்கரை

*வியாழனுக்குள்:* வாழையிலை தருபவர்கள் எத்தனை இலை என்று சொல்லுங்கள்.

*வெள்ளி மாலைக்குள்:* ஏழு கறிக்கான காய்கறி மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும்.

*சனி காலை 7 மணி:* பந்தல் வேலை. 12 பேர் வேண்டும். புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலைக்குப் போனால் வேலை இல்லை, வர வேண்டாம்.

*ஞாயிறு காலை 7.30:* காவடி எடுப்பவர்கள் ஆற்றங்கரையில் இருக்க வேண்டும். ஊர்வலம் 9 மணிக்குப் புறப்படும்.

தார் சாலை சுடும். வழியில் மூன்று இடங்களில் தண்ணீர் ஊற்ற ஆள் இருப்பார்கள்.
```

"வர வேண்டாம்" என்ற இரண்டு சொல் முதல் வரைவில் இல்லை. பத்தியைப் பிரித்துத் தனியாகப் பார்த்தபோதுதான், "வேலையை நிறுத்துவது" என்பது வீட்டில் இருப்பவருக்கு எதையும் சொல்லவில்லை என்று தெரிந்தது. இது அடிக்கடி நடக்கும். விடுபட்டது என்ன என்பது பத்தி சின்னதான பிறகுதான் தெரியும். அதனால் பிரித்து முடித்ததும் ஒருமுறை உள்ளடக்கத்தையும் பாருங்கள்.

கடைசிப் பத்திக்கு நாள் தலைப்பு வைக்கவில்லை. அது யாருக்கும் வேலை சொல்லவில்லை, காவடி எடுப்பவர்களின் வீட்டாருக்கு ஆறுதலான செய்தி. ஞாயிறு பத்தியோடு சேர்த்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதுவும் சரிதான். ஆனால் சேர்த்தால் அந்தப் பத்தி பெரிய எழுத்துப் போனில் எட்டு வரியைத் தாண்டியது. நான் பிரித்தே விட்டேன்.

## 10. அனுப்பும் முன்னும் அனுப்பிய பிறகும்

உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். பிறகு வாட்ஸ்அப் அமைப்புகளில் எழுத்தளவை `Large` ஆக்கி இன்னொரு முறை பாருங்கள். ஏதாவது ஒரு பத்தி திரையில் பாதியைப் பிடித்தால் அதை உடையுங்கள். கையைத் தூர நீட்டி, எழுத்தைப் படிக்காமல் வடிவத்தை மட்டும் பாருங்கள். எத்தனை திட்டுகள் தெரிகின்றன? நீங்கள் நினைத்த பத்திகளின் எண்ணிக்கையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் எங்கோ ஒரு Enter மட்டும் விழுந்திருக்கிறது.

நீண்ட செய்தியை வாட்ஸ்அப் பாதியில் வெட்டி `Read more` என்று காட்டும். அந்த வெட்டுக்கு மேலேயே எல்லா நேரமும் கெடுவும் வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் முதலில் விளக்கப் பத்திகளைக் கீழே தள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இரண்டு செய்தியாக அனுப்புங்கள், ஆனால் ஒரு பத்தியை இரண்டு செய்திக்குள் பிரிக்காதீர்கள். குழுவில் நடுவே யாராவது வணக்கம் போட்டுவிட்டால் பாதிப் பத்தி அநாதையாகிவிடும்.

வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டியிருந்தால் கணக்கே வேறு. தமிழ் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான். துணையெழுத்தும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறி: "கோயில்" என்பது நமக்கு மூன்று எழுத்து, குறுஞ்செய்திக்கு ஆறு. ஒவ்வொரு Enterஉம் ஒரு குறி. அங்கே வெற்று வரி விடாமல், ஒரு நாளுக்கு ஒரு குறுஞ்செய்தி என்று பிரித்து அனுப்புங்கள். செய்தியே அங்கே பத்தி.

அனுப்பிய பிறகு தவறு கண்ணில் பட்டால், 15 நிமிடத்துக்குள் வாட்ஸ்அப்பில் திருத்தலாம். விடுபட்ட வெற்று வரி, எழுத்துப் பிழை என்றால் திருத்திவிட்டுப் போங்கள். நாளோ நேரமோ தவறு என்றால் திருத்துவது மட்டும் போதாது, ஏற்கெனவே படித்தவர் திரும்பப் போய்ப் பார்க்க மாட்டார். "திருத்தம்: ஞாயிறு 7.30 அல்ல, 7 மணி" என்று புதிய செய்தி ஒன்று, ஒரே வரியில் அனுப்புங்கள்.